புரோநோட்டின் பின்பக்கம்

ஒரு கைமாற்றுக் கடன் வழக்கைப் பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்த வழக்கு இது. பெயர்களும் சம்பவங்களும் கற்பனை. தேதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

2022 ஏப்ரல் 5 அன்று கந்தசாமி என்பவர், செல்வராஜ், நடராஜ் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் கடன் கொடுக்கிறார். கேட்கும்போது வட்டியுடன் திருப்பித் தருவதாக இருவரும் ஒரே புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். அண்ணன் செல்வராஜ் தனியாக ஹாலோ பிளாக் தயாரித்து விற்பவர். அதே ஆண்டு செப்டம்பர் 20 அன்று கந்தசாமி தன் வீட்டுக்காக அவரிடம் 90,000 ரூபாய்க்குக் கல் இறக்குகிறார். பில் கைமாறுகிறது, பணம் கைமாறவில்லை. தவணை எதுவும் பேசவுமில்லை. 2023 ஜனவரி 12 அன்று வட்டியில் ஒரு பகுதி கட்டப்படுகிறது. புரோநோட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார் கந்தசாமி. 2024-இல் தம்பி நடராஜ் மனைவியையும் மகளையும் விட்டு இறந்துபோகிறார். 2025 ஜூலை 14 அன்று கந்தசாமி, செல்வராஜ் ஒருவரை மட்டும் பிரதிவாதியாகப் போட்டு வழக்குத் தாக்கல் செய்கிறார்.

ஆகஸ்ட் 20-இல் சம்மன் வந்ததும் செல்வராஜ் வக்கீலிடம் ஓடுகிறார். "சார், கடன் வாங்கினது நாங்க ரெண்டு பேரு. கேஸு எம்மேல மட்டும். அதுவும் மூணு வருசம் தாண்டிப் போச்சு. போதாததுக்கு அவரே எனக்குத் தொண்ணூறாயிரம் தரணும். இந்தக் கேஸை எடுத்த எடுப்புலயே தூக்கி எறியச் சொல்லுங்க."

இந்த ஒரே மூச்சில் மூன்று தனித்தனி வாதங்கள் இருக்கின்றன. காலம் கடந்தது என்பது பிராதை நிராகரிப்பது பற்றிய வாதம். ஒருவரை விட்டுவிட்டார்கள் என்பது தரப்பினரைச் சேர்ப்பது பற்றியது. அவர் எனக்குத் தர வேண்டும் என்பது செட்-ஆஃப், அதாவது கடனுக்குக் கடன் கழிப்பது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இவற்றைக் கட்டளை 7, கட்டளை 1, கட்டளை 8 என்று வேறு வேறு இடங்களில் வைத்திருக்கிறது. சட்டக் கல்லூரித் தேர்விலும் சிவில் நீதிபதித் தேர்விலும் இந்த மூன்றையும் பின்னித்தான் கேள்வி வரும். மாணவர்கள் பெரும்பாலும் மூன்று விதிகளையும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஒரு விதியில் எடுக்கும் முடிவு மற்ற இரண்டின் விடையையும் மாற்றிவிடும் என்பதைத்தான் தவறவிடுகிறார்கள். செல்வராஜ் போன்றவர்கள் நீதிமன்றத்தில் பணத்தை இழப்பதும் அதே இடத்தில்தான்.

முதலில் நிராகரிப்பு. கட்டளை 7 விதி 11-ஐ வக்கீல்கள் ‘செவன் லெவன்’ என்றே சொல்வார்கள். விசாரணையே இல்லாமல், சாட்சியே கேட்காமல், வழக்கை வாசலில் நிறுத்தும் அதிகாரம் அது. வழக்குமூலமே பிராதில் தெரியவில்லை என்றால் நிராகரிக்கலாம். மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தாலோ முத்திரைக் கட்டணம் போதாமல் இருந்தாலோ, சரிசெய்ய அவகாசம் கொடுத்தும் சரிசெய்யாதபோது நிராகரிக்கலாம். பிராதில் சொன்னதைக் கொண்டே வழக்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்று தெரிந்தாலும் நிராகரிக்கலாம். பிராதுப் பிரதிகள் தருவது போன்ற நடைமுறைக் காரணங்களும் உண்டு.

இதில் அதிகம் பயன்படுவதும் அதிகம் தவறாகப் பயன்படுவதும் சட்டத் தடை பற்றிய பிரிவு. ‘பிராதில் சொன்னதைக் கொண்டே’ என்பதுதான் அதன் எல்லை. நீதிபதியின் மேசையில் அந்த நேரத்தில் பிராதும் அதனுடன் வாதி தாக்கல் செய்த ஆவணங்களும் மட்டுமே இருக்க வேண்டும். பிரதிவாதி என்ன சொல்கிறார், அவர் எதிருரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே கூடாது. சலீம் பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறது. வழக்கு எண்ணிடப்படும் முன்போ, சம்மன் போன பிறகோ, விசாரணை முடிவதற்குள் எந்தக் கட்டத்திலும் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இன்னொரு பக்கம், 1977-இல் அரிவந்தாண்டம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், வார்த்தை ஜாலத்தால் வழக்குமூலம் இருப்பதுபோல் மாயை காட்டும் பிராதை முதல் விசாரணையிலேயே கிள்ளி எறிய வேண்டும் என்று விசாரணை நீதிபதிகளுக்கு அறிவுறுத்தினார். இரண்டு தீர்ப்புகளும் முரண்படவில்லை. பிராதை முழுமையாக, பொருளுணர்ந்து படி. ஆனால் பிராதை மட்டுமே படி.

இந்த அளவுகோலால் செல்வராஜின் மூன்று வாதங்களை அளந்தால் இரண்டு உடனே விழுந்துவிடும். கந்தசாமி தனக்குக் கல் பாக்கி தர வேண்டும் என்பது பிராதில் இல்லை, செல்வராஜின் வாயில் இருக்கிறது. அதை வைத்து நிராகரிக்க முடியாது. ஒரு தரப்பினரை விட்டுவிட்டார்கள் என்பதும் விதி 11 சொல்லும் காரணங்களில் ஒன்றல்ல. அதற்குரிய விதிகள் கட்டளை 1-இல் தனியாக இருக்கின்றன. மிஞ்சுவது காலவரம்பு மட்டும்.

கேட்கும்போது தர வேண்டிய புரோநோட்டுக்கு, 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகள். கேட்ட தேதியிலிருந்து அல்ல. இந்த நுணுக்கம் பலருக்குத் தெரியாது. கடன் கொடுத்தவர்கள் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். நம் வழக்கில் அந்தக் கெடு 2025 ஏப்ரல் 5-இல் முடிந்துவிட்டது. வழக்கு ஜூலை 14-இல் வந்திருக்கிறது. இங்குதான் புரோநோட்டின் பின்பக்கம் பேசத் தொடங்குகிறது. கெடு முடிவதற்குள் கடனிலோ வட்டியிலோ ஒரு பகுதியைக் கட்டி, அதைக் கட்டியவரே எழுதியோ கையெழுத்திட்டோ ஒப்புக்கொண்டால், கட்டிய நாளிலிருந்து புதிய 3 ஆண்டுகள் ஓடத் தொடங்கும். 2023 ஜனவரி 12-இல் கட்டிய வட்டி கெடுவை 2026 ஜனவரி 12 வரை தள்ளிவிட்டது.

ஆனால் பிராது அதைச் சொல்லியிருக்க வேண்டும். சாதாரணக் கெடு கடந்து வழக்குப் போடுபவர், எந்த விலக்கை நம்பிப் போடுகிறார் என்பதைப் பிராதிலேயே காட்ட வேண்டும் என்கிறது கட்டளை 7 விதி 6. கந்தசாமியின் பிராது ஏப்ரல் 2022 புரோநோட்டைச் சொல்லி, பலமுறை கேட்டும் தரவில்லை என்று மட்டும் முடிந்து, இணைத்த நகலும் முன்பக்கம் மட்டுமாக இருந்தால், தேதியைப் பார்த்த மாத்திரத்தில் அது காலம் கடந்த வழக்கு. நிராகரிக்கலாம். பின்பக்க வரவைச் சொல்லியிருந்தாலோ பின்பக்க நகலை இணைத்திருந்தாலோ நிராகரிக்க முடியாது. ‘அந்தக் கையெழுத்து என்னுடையதல்ல’ என்று செல்வராஜ் சொன்னால்? அது விசாரணையில் சாட்சியம் கொண்டு தீர்க்க வேண்டிய கேள்வி. விதி 11-க்கு அங்கே வேலையில்லை.

நிராகரிப்பு என்பது வாதியின் கதை முடிந்தது என்று பொருளல்ல. நிராகரிப்பு ஆணை சட்டத்தின் கண்ணில் தீர்ப்பாணைக்குச் சமம் என்பதால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதே வழக்குமூலத்தில் புதிய பிராது போடவும் விதி 13 இடம் தருகிறது, கெடு மிச்சமிருந்தால். பின்பக்கத்தை மறந்த பிராது 2025 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டால், கந்தசாமி 2026 ஜனவரி 12-க்குள் ஒழுங்காக எழுதிய இன்னொரு பிராதுடன் வந்து நிற்பார். செல்வராஜுக்குக் கிடைத்தது வெற்றியல்ல, சில மாத மூச்சு.

இப்போது நடராஜின் குடும்பத்துக்கு வருவோம். கடன் வாங்கியவர்கள் இருவர், ஒருவர் இறந்துவிட்டார், அவருடைய மனைவியும் மகளும் வழக்கில் இல்லை. இது பெரிய ஓட்டை போலத் தெரியும். ஓட்டையே இல்லை. கூட்டாகக் கடன்பட்டவர்களில் யாரையும் முழுத் தொகைக்கும் பொறுப்பாக்கலாம் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவில் சொல்கிறது. அதற்கு ஒத்திசைவாக, ஒரே ஒப்பந்தத்தில் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்புள்ளவர்களில் எல்லோரையுமோ சிலரையுமோ வாதி தன் விருப்பப்படி பிரதிவாதியாக்கலாம் என்கிறது கட்டளை 1 விதி 6. புரோநோட்டில் கையெழுத்திட்டவர்களை அந்த விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. முழுத் தொகையும் கட்ட நேர்ந்தால் செல்வராஜ் தம்பியின் வாரிசுகளிடம், அவர்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு, பங்கு கேட்கலாம். அது அவருக்கும் அவர்களுக்கும் இடையிலான விவகாரம்.

யார் இல்லாமல் தீர்ப்பே சொல்ல முடியாதோ அவர் அவசியமான தரப்பினர். யார் இருந்தால் எல்லாக் கேள்வியையும் முழுதாகத் தீர்க்க வசதியாக இருக்குமோ அவர் பொருத்தமான தரப்பினர். தரப்பினர் குறைந்ததற்காகவோ கூடியதற்காகவோ வழக்குத் தோற்கக் கூடாது என்பது கட்டளை 1 விதி 9-இன் பொது ஏற்பாடு. ஆனால் அவசியமான தரப்பினர் விடுபட்டால் அந்தப் பாதுகாப்புக் கிடையாது என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. பாகப்பிரிவினை வழக்கில் ஒரு பங்காளியை விட்டால் வழக்கு விழும். கூட்டுக் கடனில் ஒருவரை விட்டால் விழாது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன கஸ்தூரி எதிர் அய்யம்பெருமாள் வழக்கு நல்ல அடையாளம். ஒரு கிரய ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரிய வழக்கில், அந்தச் சொத்து தங்களுடையது என்று தனி உரிமை கொண்டாடிய மூன்றாம் நபர்கள் தங்களையும் சேர்க்கக் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை, அவர்களைச் சேர்த்தால் ஒப்பந்த வழக்கு உரிமை வழக்காக உருமாறிவிடும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. விவகாரத்தில் அக்கறை இருப்பது போதாது. அந்த வழக்கு கேட்கும் பரிகாரத்தோடு தொடர்பு இருக்க வேண்டும்.

வாரிசுகள் அவசியமானவர்கள் இல்லை என்றாலும் பொருத்தமானவர்கள் என்று சொல்லி, அவர்களைச் சேர்க்கக் கோரி செல்வராஜ் மனுப் போடலாமே? போடலாம். கட்டளை 1 விதி 10 எந்தக் கட்டத்திலும் தரப்பினரைச் சேர்க்கவும் நீக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பிரதிவாதி தரப்பில் அனிச்சையாகச் செய்யப்படும் காரியமும் இதுதான். ஆனால் இந்த வழக்கில் அந்த மனு செல்வராஜின் சட்டைப்பையிலிருந்து 90,000 ரூபாயை எடுத்து எறிவதற்குச் சமம். ஏன் என்பதற்குச் செட்-ஆஃப் விதியைப் பார்க்க வேண்டும்.

கட்டளை 8 விதி 6-இன்படி, பணம் வசூலிக்கப் போட்ட வழக்கில், வாதி தனக்குச் சட்டப்படி தர வேண்டிய நிச்சயமான தொகையைக் கழித்துக்கொள்ளும்படி பிரதிவாதி கேட்கலாம். முதல் விசாரணையின்போதே, எதிருரையில் விவரமாகச் சொல்ல வேண்டும். பின்னால் சொல்வதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். தொகை அந்த நீதிமன்றத்தின் பண வரம்பைத் தாண்டக் கூடாது. வாதியின் வழக்கில் இருவரும் எந்த நிலையில் எதிரெதிரே நிற்கிறார்களோ, அதே நிலையில் இந்தக் கடனிலும் நிற்க வேண்டும். இப்படிக் கேட்கும் எதிருரைக்கு எதிர்வழக்கின் பிராதுக்குரிய மதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு நீதிமன்றக் கட்டணமும் பிராதைப் போலவே கட்ட வேண்டும். 3 சதவீத வீதத்தில் 90,000-க்கு 2,700 ரூபாய்.

செல்வராஜின் கல் பாக்கி இந்தச் சோதனைகளில் தேறுகிறதா? பில்லில் எழுதிய விலை என்பதால் தொகை நிச்சயம். வியாபாரம் அவருடைய சொந்த வியாபாரம். வழக்கும் அவர் ஒருவர் மேல்தான். கந்தசாமி தனக்காகக் கல் வாங்கினார், தன் பெயரிலேயே வழக்கும் போட்டிருக்கிறார். நிலை ஒன்றே. பில் ஒரு கூட்டு வியாபாரத்தின் பெயரில் இருந்திருந்தால் கதை வேறு, அது கூட்டாளிகள் எல்லோருக்கும் வர வேண்டிய பணம். அந்தக் கூட்டு பதிவு செய்யப்படாததாக இருந்தால் 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு செட்-ஆஃபையும் சேர்த்தே தடுத்துவிடும்.

அடுத்தது காலவரம்பு. தவணை பேசாமல் விற்ற சரக்கின் விலைக்கு, இறக்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள். கல் இறங்கியது 2022 செப்டம்பர் 20. கெடு 2025 செப்டம்பர் 20. செல்வராஜ் எதிருரை தாக்கல் செய்வது அக்டோபர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகிவிட்டது. போயிற்றா?

போகவில்லை. காலவரம்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அதிகம் பேர் நின்று படிக்காத ஒரு உட்பிரிவு இருக்கிறது. செட்-ஆஃப் கேட்டால், அது எந்த வழக்கில் கேட்கப்படுகிறதோ அந்த வழக்கு தாக்கலான நாளிலேயே தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். எதிர்க்கோரிக்கை, அதாவது 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் விதி 6ஏ-வாகக் கொண்டுவந்த கவுண்ட்டர் கிளெய்ம், அது நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட நாளில்தான் தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே அதே 90,000 ரூபாயை அதே அக்டோபர் 15 அன்று செட்-ஆஃப் என்று கேட்டால், சட்டம் அதை ஜூலை 14-க்குக் கொண்டுபோய் வைக்கும், கெடுவுக்குள் வந்துவிடும். எதிர்க்கோரிக்கை என்று கேட்டால் அக்டோபர் 15-ஆகவே நிற்கும்; காலம் கடந்தது. எதிருரையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறோம் என்பதில் 90,000 ரூபாய் இருக்கிறது. எதிர்க்கோரிக்கை அகலமான வாசல் என்பதால் எல்லாவற்றையும் அதன் வழியாகவே நுழைக்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்த மாதிரி தேதிகளில் அந்தப் பழக்கம் கட்சிக்காரருக்கு நேரடி நஷ்டம்.

இப்போது அந்தச் சேர்ப்பு மனுவுக்குத் திரும்புவோம். விதி 6-இன் கீழ்ச் சட்டமே சில உதாரணங்களைத் தந்திருக்கிறது. அவற்றில் ஒன்று: ஒருவர் இரண்டு பேர் மேல் 1,000 ரூபாய்க்கு வழக்குப் போடுகிறார், அந்த இருவரில் ஒருவர், தனக்கு மட்டும் வாதி தர வேண்டிய கடனைக் கழிக்கக் கேட்க முடியாது. இருவர் சேர்ந்து ஒருவர் மேல் வழக்குப் போட்டாலும் அப்படித்தான்; அந்த இருவரில் ஒருவர் மட்டும் பட்ட கடனைக் கழிக்க முடியாது. நிலை ஒன்றாக இல்லை என்பதே காரணம்.

ஆக, செல்வராஜ் தனியாக வழக்கில் நிற்கும்வரை கல் பாக்கி கழியும். நடராஜின் மனைவியும் மகளும் பக்கத்தில் வந்து நின்றால், கல் பாக்கி செல்வராஜுக்கு மட்டும் வர வேண்டியது, வழக்கு மூவர் மேல். கந்தசாமியின் வக்கீல் அந்த உதாரணத்தை எடுத்துப் படிப்பார். செட்-ஆஃப் விழுந்தால் எதிர்க்கோரிக்கைக்கு ஓடலாம் என்றால் அங்கே செப்டம்பர் 20 கதவை அடைத்துவிட்டது. செட்-ஆஃப் கேட்டபின் வாரிசுகள் சேர்ந்தால் ஏற்கெனவே கேட்டது நிற்குமா என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் பாதுகாப்பாகக் கையில் இருந்ததை வாதத்துக்கு உரியதாக ஏன் ஆக்க வேண்டும்? ‘என்னை மட்டும் எப்படிப் பிடிக்கலாம்’ என்ற நியாயமான கோபத்தில் போடும் மனு, இந்த விவரங்களில் தனக்கு எதிராகவே திரும்புகிறது.

செல்வராஜ் இன்னொன்றும் சொல்கிறார். கந்தசாமி தன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, 2023 மார்ச்சில், இவருடைய சுற்றுச்சுவர் சரிந்துவிட்டது. 60,000 ரூபாய் நஷ்டம். இது செட்-ஆஃபில் சேராது. 60,000 என்பது அவர் சொல்லும் கணக்கு. நீதிமன்றம் மதிப்பிட்டுச் சொல்லும்வரை அது நிச்சயமான தொகையல்ல. மதிப்பிடாத தொகையையும் நியாயத்தின் பேரில் கழிக்கும் மரபு ஒன்று உண்டு. 1865-லேயே கிளார்க் எதிர் ரத்தினவேலு செட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் இரண்டு கோரிக்கைகளும் ஒரே கொடுக்கல் வாங்கலில் பிறந்திருக்க வேண்டும். கட்டிய கூலியைக் கேட்டு மேஸ்திரி வழக்குப் போட, அதே கட்டடத்தில் வேலை கெட்டதால் வந்த நஷ்டத்தை வீட்டுக்காரர் கழிக்கக் கேட்டால் அது பொருந்தும். புரோநோட்டுக் கடனுக்கும் சரிந்த சுவருக்கும் அப்படி ஒரு முடிச்சு இல்லை. இந்த 60,000-க்கு எதிர்க்கோரிக்கைதான் சரியான வழி; 3 ஆண்டுக் கெடு 2026 மார்ச் வரை இருப்பதால் அக்டோபர் 15-இல் கேட்டால் போதும். ஒரே எதிருரையில் கல் பாக்கி செட்-ஆஃபாகவும் சுவர் நஷ்டம் எதிர்க்கோரிக்கையாகவும் தனித்தனியே நிற்க வேண்டும்.

கல் இறக்கிய அன்றே ‘இந்தப் பணத்தைக் கடனில் கழித்துக்கொள்’ என்று இருவரும் பேசி முடித்திருந்தால் செட்-ஆஃபே வேண்டாம். அது கடனில் ஒரு பகுதியைத் தீர்த்த கதை. கட்டணம் இல்லை, கெடு இல்லை. நிரூபிக்க வேண்டியது மட்டும் மிச்சம்.

இதுவரை பின்பக்கக் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லவில்லை. செல்வராஜுடையது என்று வைத்துத்தான் பேசிவந்தோம். அது இறந்த தம்பி நடராஜுடையதாக இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

காலவரம்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, கூட்டாகக் கடன்பட்டவர்களில் ஒருவர் கட்டியதாலோ எழுதிக் கொடுத்ததாலோ மட்டும் மற்றவருடைய கெடு நீளாது என்கிறது. நடராஜ் கட்டியது நடராஜின் கெடுவை, எனவே அவருடைய வாரிசுகளின் கெடுவைத்தான் 2026 ஜனவரி 12 வரை நீட்டியது. செல்வராஜைப் பொறுத்தவரை கடன் 2025 ஏப்ரல் 5-லேயே காலம் கடந்துவிட்டது. பிராதும் பின்பக்க நகலும் சேர்ந்து இதை வெளிப்படையாகக் காட்டினால், செல்வராஜ் மேல் மட்டும் போட்ட இந்த வழக்கு நிராகரிக்கத் தகுந்ததாகிவிடுகிறது. ‘செல்வராஜ்தான் தம்பி மூலம் கொடுத்து அனுப்பினார்’ என்று கந்தசாமி பிராதில் சொல்லியிருந்தால் அது உண்மையா என்று விசாரிக்க வேண்டும், நிராகரிக்க முடியாது.

இப்போது கந்தசாமி விழித்துக்கொண்டு, வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடுகிறார் என்று கொள்வோம். புதிதாகச் சேர்க்கப்படுபவர் மேல் வழக்கு, அவர் சேர்க்கப்பட்ட நாளில்தான் தொடுக்கப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது 21-ஆம் பிரிவு. 2026 ஜனவரி 12 தாண்டிச் சேர்த்தால் அவர்கள் மேலும் காலம் கடந்தது. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழையால் விட்டுவிட்டேன் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் முந்தைய தேதியைத் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அது சலுகை, உரிமையல்ல.

முதல் நாளே கந்தசாமி செல்வராஜையும் வாரிசுகளையும் சேர்த்தே வழக்குப் போட்டிருந்தால்? வாரிசுகள் மேல் வழக்கு உயிரோடு இருக்கிறது, செல்வராஜ் மேல் காலம் கடந்துவிட்டது. செல்வராஜ் அளவில் மட்டும் பிராதை நிராகரிக்க முடியுமா? முடியாது. பிராதை நிராகரித்தால் முழுதாக நிராகரிக்க வேண்டும். சில பிரதிவாதிகள் அளவில் மட்டும் பகுதியாக நிராகரிக்க விதி 11 இடம் தரவில்லை என்று 2019-இல் மாதவ் பிரசாத் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. செல்வராஜ் காலவரம்பு வாதத்தை எதிருரையில் எழுப்பி, முழு விசாரணையும் கடந்து, கடைசித் தீர்ப்பில்தான் விடுபட வேண்டும். அத்துடன் மூவர் மேல் வழக்கு என்பதால் அவருடைய செட்-ஆஃபும் ஆட்டம் கண்டுவிடும். கந்தசாமி பிரதிவாதி பட்டியலில் இரண்டு பெயரைக் கூட்டி எழுதியதால் நிராகரிப்பு மனுவும் செட்-ஆஃபும் ஒரே வீச்சில் பலமிழந்துவிட்டன.

ஆகவே என் கணிப்பில், இத்தகைய கேள்வியை விதி 11-இல் தொடங்குவது தவறு. யார் யாருக்கு எந்த நிலையில் கடன்பட்டிருக்கிறார், ஒவ்வொருவருடைய கெடுவும் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு வழக்கில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதன்பிறகே நிராகரிப்புக்கும் செட்-ஆஃபுக்கும் போக வேண்டும்.

செல்வராஜின் கையெழுத்தே பின்பக்கத்தில் இருந்து, பிராதும் அதைச் சொல்லியிருந்தால் என் விடை இது: நிராகரிப்பு மனு வேண்டாம், சேர்ப்பு மனு வேண்டாம், 2,700 ரூபாய் கட்டணத்துடன் கல் பாக்கிக்குச் செட்-ஆஃப், சுவருக்குத் தனியாகக் கட்டணம் கட்டி எதிர்க்கோரிக்கை. இரண்டு தரப்பும் தங்கள் ஆவணங்களை நிரூபித்தால், சுவரை விட்டுப் பார்த்தாலும், கந்தசாமிக்கு அசலில் 2,40,000-க்குப் பதில் 1,50,000-க்கும் உரிய வட்டிக்கும்தான் தீர்ப்பாணை கிடைக்கும்.

எதிருரைக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள். நீதிமன்றம் காரணம் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டலாம். நிராகரிப்பு மனு போட்டுவிட்டோம் என்பதற்காக மட்டும் அந்த நாள்கள் நின்றுவிடா. உங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு சம்மன் வந்தால், முதல் நாளே வக்கீலிடம் மூன்றைக் கொண்டுபோங்கள்: சம்மனுடன் வந்த புரோநோட்டு நகல், இரண்டு பக்கமும், வாதி உங்களுக்குத் தர வேண்டியதைக் காட்டும் பில், சரக்கு இறங்கிய தேதியுடன், அந்தப் பில் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம். பின்பக்க நகல் வரவில்லை என்றால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.